0.1 மதிப்பெண் கேட்ட மாணவனுக்கு

"மேம், புள்ளியியல்ல எனக்கு மொத்தம் 79.4 வந்திருக்கு. 79.5 இருந்தாலே 80 ஆகி ஏ கிரேடு வந்திருக்கும். வெறும் 0.1 தான் மேம். ஃபைனல் பேப்பர்ல எங்கயாவது ஒரு அரை மார்க் போட முடியுமா? இல்லன்னா ஒரு எக்ஸ்ட்ரா அசைன்மென்ட் குடுங்க, ரெண்டே நாள்ல முடிச்சுத் தர்றேன். ஒரு கிளாஸ் கூட நான் விட்டதில்ல. இதனால ஸ்காலர்ஷிப் போயிடுமோன்னு பயமா இருக்கு."

தம்பி, முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசி வரி வரைக்கும் ஒரு நம்பிக்கையோடு உன்னைப் படிக்க வைப்பது நியாயமில்லை. கிரேடு ஏ மைனஸ்தான், நானாக அதை மாற்றப் போவதில்லை. ஆனால் ஏன் என்பதை முழுசாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அதோடு உனக்கு நிஜமாகவே திறந்திருக்கிற வழிகள் சில இருக்கின்றன, நீ கேட்ட இரண்டும் அதில் இல்லை. அவற்றையும் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் கடிதம் வந்ததும் முதலில் மறுகூட்டல் செய்தேன். இது எந்த மாணவர் கேட்டாலும் செய்வது, சலுகை இல்லை. விடைத்தாளின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டி, திருத்தாமல் விட்ட பகுதி ஏதாவது இருக்கிறதா, கூடுதல் தாளில் எழுதியது விடுபட்டிருக்கிறதா, உள்ளே போட்ட மதிப்பெண்ணும் முகப்பில் ஏற்றியதும் ஒன்றா, முகப்பில் இருப்பது கணினியில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. அசைன்மென்ட் 20 சதவீதத்தில் உனக்கு 14.4, ஆய்வகம் 10-இல் 9.2, மிட்டெர்மில் 74 வாங்கியதற்கு 30-இல் 22.2, ஃபைனலில் 84 வாங்கியதற்கு 40-இல் 33.6. கூட்டினால் 79.4. கடைசியில் ஒரே ஒரு முறை முழு எண்ணாக்குவது என்பது பாடத்திட்டத்தில் முதல் வாரமே எழுதிக் கொடுத்த விதி, அதன்படி 79. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ரவுண்ட் பண்ணியும் போட்டுப் பார்த்தேன், 14, 9, 22, 34, அப்போதும் 79 தான் வருகிறது. கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயும் கொஞ்சம் கீழேயும் நிற்கிற எல்லோருடைய தாளையும் முடிவு வெளியாகும் முன்பே இப்படி ஒரு முறை கூட்டிப் பார்த்துவிடுவது என் வழக்கம், உன்னுடையதும் அதில் இருந்தது. இப்போது பார்த்தது இரண்டாவது முறை.

சரி, கூட்டலில் தவறில்லை. அப்படியானால் எங்காவது ஒரு அரை மார்க்? இங்கேதான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உனக்குக் குறைவது மொத்தத்தில் 0.1. ஃபைனலின் எடை 40 சதவீதம் என்பதால், அந்தத் தாளில் கால் மதிப்பெண் கூடினால் போதும். நூறு மதிப்பெண் தாளில் கால் மதிப்பெண்! கண்டிப்பாக ஒரு இடம் எனக்குக் கிடைக்கும், அதில் சந்தேகமே இல்லை. உன் எட்டாவது கேள்வியையே எடுத்துக்கொள். ஒட்டுறவு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு விளக்கச் சொல்லியிருந்தேன். மறைந்திருக்கும் மூன்றாவது மாறியை நீ சரியாகப் பிடித்திருக்கிறாய், ஆனால் அது இரண்டையும் எப்படிப் பாதிக்கிறது என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டாய். 10-க்கு 7 போட்டேன். இன்னொருவர் ஏழரை போடலாம், அதை நான் மறுக்கவே மாட்டேன். இன்னொருவர் ஆறரையும் போடலாம். விளக்கம் எழுதும் கேள்விகளில் இந்த அளவு ஊசலாட்டம் எந்தத் திருத்துநருக்கும் உண்டு.

ஆனால் கொஞ்சம் யோசி. உன் தாளை மட்டும் எடுத்து, கால் மதிப்பெண் கூட்ட வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு தேடினால் நான் மேல்நோக்கிய ஊசலாட்டத்தை மட்டும்தான் பார்ப்பேன். ஐந்தாவது கேள்வியில் தாராளமாகப் போட்ட ஒரு மதிப்பெண் என் கண்ணில் படாது, பட்டாலும் கடந்து போய்விடுவேன். விடை என்ன வர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத் தரவைத் தேடுவதன் ஆபத்தை இந்தப் பருவம் முழுக்க உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். சாம்பிள் எடுக்கும்போது செய்யக்கூடாது என்று சொன்ன அதே காரியத்தை விடைத்தாளில் செய்ய முடியாது. ஏழு போட்ட அதே அளவுகோலில், உன்னுடையதைப் போலவே ஒரு வரியில் விளக்கத்தை முடித்த மற்றவர்களுக்கும் ஏழுதான் போட்டிருக்கிறேன். உனக்கு ஏழரை என்றால் அவர்கள் எல்லோருக்கும் ஏழரை. அதற்கு எல்லாத் தாள்களையும் மறுபடி பிரிக்க வேண்டும்.

79-க்கும் 79.5-க்கும் நடுவில் உன்னோடு சேர்த்து நான்கு பேர் இருக்கிறீர்கள். எனக்கு எழுதியது நீ மட்டும்தான். கேட்டது தப்பு என்று நான் நினைக்கவில்லை, கேட்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். ஆனால் கேட்டவனுக்கு ஏ, கேட்கத் தயங்கியவருக்கு ஏ மைனஸ் என்று போனால் அந்த எழுத்து புள்ளியியலை அளக்கவில்லை, யாருக்கு ஆசிரியரிடம் பேச வருகிறது என்பதைத்தான் அளக்கிறது. அந்த மூன்று பேரில் ஒருவரும் உன்னைப் போலவே ஓர் உதவித்தொகையை நம்பி இருக்கலாம், எனக்குத் தெரியாது. தெரியாது என்பதால்தான் எல்லோருக்கும் ஒரே விதியைப் பிடித்துக்கொள்கிறேன்.

நீ கெட்டிக்காரன், இந்த இடத்தில் வகுப்பில் படித்ததை வைத்தே என்னை மடக்கலாம் என்று தோன்றும். "மேம், தேர்வு மதிப்பெண் என்பதே ஒரு மதிப்பீடுதானே, அதிலேயே அளவீட்டுப் பிழை இருக்கிறதே, அப்புறம் 79.4-க்கும் 79.5-க்கும் என்ன வித்தியாசம்?" நல்ல கேள்வி. அளவீட்டின் திட்டப்பிழைக்கான சூத்திரம் இது, திட்டவிலக்கத்தை (1 − நம்பகத்தன்மை) என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். நம் வகுப்பின் மொத்த மதிப்பெண்களுக்குத் திட்டவிலக்கம் 10, நம்பகத்தன்மைக் கெழு 0.91. ஆகவே 10 × √0.09 = 3. இதே கடினத்தில் வேறு கேள்விகளை வைத்து மறுபடி தேர்வு நடத்தியிருந்தால் உன் மொத்தம் 76 ஆகவும் இருந்திருக்கலாம், 82 ஆகவும் இருந்திருக்கலாம். ஆக 79.4-உம் 79.5-உம் அறிவில் வேறு வேறு என்று நான் சொல்லவே மாட்டேன். வேறில்லை.

ஆனால் இந்த வாதம் மேலே மட்டும் தள்ளாது. பிழை இரண்டு பக்கமும் இருக்கிறது. இன்னும் நுணுக்கமாகப் போனால், வகுப்புச் சராசரி 68, நீ அதற்கு மேலே இருக்கிறாய், சராசரியை விட உயரமாக வந்த மதிப்பெண்ணில் அதிர்ஷ்டத்தின் பங்கு கொஞ்சம் சேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே உன் உண்மையான நிலைக்குச் சிறந்த மதிப்பீடு 68 + 0.91 × 11.4, அதாவது ஏறக்குறைய 78.4. இதை உன்னைக் குறைத்துச் சொல்வதற்காக எழுதவில்லை, யாருக்கும் நான் இப்படிக் கழிப்பதும் இல்லை. பிழை இருக்கிறது என்பதைக் காரணம் காட்டி ஒரு பக்கம் மட்டும் நகர்த்த முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். கோட்டை 79.4-க்கு இறக்கினால் 79.2 வாங்கியவர் நாளைக்கு வந்து நிற்பார், அவரிடமும் இதே நியாயம் இருக்கும். கோடு எங்கே இருந்தாலும் அதற்கு ஒட்டிக் கீழே ஒருவர் இருந்தே தீருவார். ரவுண்ட் பண்ணும் விதி ஏற்கெனவே 80-க்குப் பதிலாக 79.5-இல் கோட்டைப் போட்டிருக்கிறது. இருக்கிற தாராளம் அவ்வளவுதான்.

நான்காவது கேள்வியைப் பற்றியும் பேசிவிடுவோம், மறுமதிப்பீடு பற்றி நீ யோசிக்கும்போது இது உதவும். 12 அளவீடுகள், சராசரி 50, சாம்பிளின் திட்டவிலக்கம் 6, தொகுதியின் திட்டவிலக்கம் தெரியாது, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி காண வேண்டும். திட்டப்பிழையை 6/√12 = 1.73 என்று சரியாகப் போட்டாய், அதற்கு 3. அடுத்த வரியில் 1.96-ஆல் பெருக்கினாய். 12 பேர் கொண்ட சின்ன சாம்பிளில், திட்டவிலக்கத்தையும் அதே சாம்பிளிலிருந்து எடுக்கும்போது, டி பரவலில் 11 கட்டின்மை அளவுக்கான 2.201-ஐத்தான் எடுக்க வேண்டும். சரியான விடை 46.19 முதல் 53.81 வரை, உனக்கு வந்தது 46.61 முதல் 53.39 வரை. பரவலைத் தேர்ந்ததற்கான 2 போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு நீ போட்ட கணக்கு உன் எண்ணை வைத்துப் பார்த்தால் சரி, ஒரே தவறுக்கு இரண்டு முறை கழிக்கக்கூடாது என்பதால் அதற்கான 3-ஐயும் முழுதாகக் கொடுத்திருக்கிறேன். கடைசி 2 விளக்கத்துக்கு. "உண்மையான சராசரி இந்த இடைவெளிக்குள் இருக்க 95 சதவீத நிகழ்தகவு" என்று எழுதியிருக்கிறாய். இந்த முறையில் அப்படிச் சொல்லக்கூடாது, மறுபடி மறுபடி சாம்பிள் எடுத்து இதே மாதிரி இடைவெளி போட்டால் அவற்றில் 95 சதவீதம் உண்மையான சராசரியைப் பிடிக்கும் என்பதுதான் பொருள். ஆக 10-க்கு 6. இதில் ஊசலாட்டத்துக்கு இடமே இல்லை, வேறு யார் திருத்தினாலும் அந்த நான்கு கிடைக்காது.

கூடுதல் அசைன்மென்ட் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். உனக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், முடிவு வெளியான பிறகு அது முடியாது. அதை விட முக்கியமானது ஒன்று. ஐந்து அசைன்மென்ட்டில் நான்கில் 90 வாங்கிய நீ மூன்றாவதைக் கொடுக்கவே இல்லை. அங்கே பூஜ்யம். ஒவ்வொன்றின் எடையும் 4 சதவீதம், அதில் நூற்றுக்கு இரண்டரை மதிப்பெண் வாங்கியிருந்தாலே இன்றைக்கு உனக்கு 79.5 இருந்திருக்கும். முதல் கணக்கை மட்டும் போட்டுப் பாதியில் அனுப்பியிருந்தால்கூடப் போதும். இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, அந்த வாரம் உனக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை இப்போது வேறொன்றால் நிரப்பச் சொன்னால், அதே வாரம் தூக்கத்தை விட்டு எழுதி 55 வாங்கியவரிடம் நான் என்ன சொல்வேன்?

ஒரு வகுப்பைக்கூட விடவில்லை என்றாய், அதை நான் கவனித்திருக்கிறேன். வருகைக்கு இந்தப் பாடத்தில் தனியாக மதிப்பெண் கிடையாது. நீ வந்ததன் பலன் மிட்டெர்மின் 74-லிருந்து ஃபைனலின் 84 வரை ஏறியதில் ஏற்கெனவே இருக்கிறது, அதை இரண்டாவது முறை எண்ண முடியாது.

முடிவை வெளியிட்ட பிறகு ஒரு கிரேடை மாற்ற வேண்டும் என்றால் நான் ஒரு படிவத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டல் பிழை, பதிவுப் பிழை, திருத்தாமல் விட்ட விடை, மறுமதிப்பீட்டின் முடிவு, குழுவின் உத்தரவு, இவைதான் அதில் உள்ள காரணங்கள். உன் விஷயத்தில் முதல் மூன்றும் இல்லை. இல்லாத ஒன்றில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டால் அது பொய்ச் சான்று. உனக்காக என்றாலும் அதைச் செய்ய மாட்டேன்.

மீதி இரண்டு காரணங்கள் இருக்கின்றன பார், அவை உனக்குத் திறந்த வழிகள்.

ஒன்று மறுமதிப்பீடு. என் மதிப்பெண்களை மறைத்து இன்னொரு ஆசிரியர் முழுத் தாளையும் திருத்துவார், கூடினாலும் குறைந்தாலும் அவர் போடுவதுதான் இறுதி. உன் தாளை மட்டும் மேல்நோக்கித் தேட மாட்டேன் என்று சொன்ன நான் இதை மட்டும் ஏன் சொல்கிறேன் என்று கேட்கலாம். இது எல்லோருக்கும் திறந்திருக்கிறது, திருத்துபவருக்கு உனக்கு எவ்வளவு தேவை என்பது தெரியாது, இரண்டு பக்கமும் நகரலாம். அதுதான் வித்தியாசம். உன் நிலையில் கணக்குப் போட்டால் இதில் இழப்பதற்கு அதிகம் இல்லை. ஏ மைனஸின் கீழ்க்கோடு 75, ரவுண்ட் பண்ணினால் 74.5. அதற்குக் கீழே போக ஃபைனலில் 12 மதிப்பெண்ணுக்கு மேல் குறைய வேண்டும், அது நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. விண்ணப்பத்தில் எந்தக் கேள்வி, எந்தக் காரணம் என்று எழுதச் சொல்வார்கள். "0.1 தேவைப்படுகிறது" என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான்காவதை எழுதாதே, எட்டாவதை எழுது, மூன்றாவது மாறியின் தாக்கத்தை நீ எந்த வரியில் விளக்கியிருக்கிறாய் என்று குறிப்பிடு. நான் வருத்தப்படுவேனோ என்று தயங்காதே, என் திருத்தத்தை இன்னொருவர் பார்ப்பதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. முடிவு வெளியான நாளிலிருந்து பத்து வேலை நாட்கள்தான் அவகாசம்.

இன்னொன்று அந்த மூன்றாவது அசைன்மென்ட். அந்த வாரம் உடம்பு சரியில்லாமலோ வீட்டில் ஏதாவது நடந்தோ இருந்து, அதற்குச் சான்றும் இருந்தால், துறையின் சிறப்புச் சூழ்நிலைக் குழுவுக்கு மனு கொடு. தேதிகளைத் தெளிவாக எழுது, சான்றை இணை, ஏன் அப்போதே சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் எழுது, அதைத்தான் முதலில் கேட்பார்கள். அந்தக் குழுவில் நான் இல்லை. அவர்கள் அதை விலக்கி மற்ற நான்கை வைத்துக் கணக்கிடச் சொன்னால் அன்றைக்கே மாற்றிவிடுவேன், உன் மொத்தம் 83 ஆகும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, மறந்துவிட்டாய் என்றால் இந்த வழியை விட்டுவிடு.

இப்போது ஸ்காலர்ஷிப். பயப்படும் முன் நிபந்தனையை எடுத்துப் பார், இந்தப் பாடத்தில் ஏ வேண்டும் என்கிறதா, இல்லை ஒட்டுமொத்த சராசரி இவ்வளவு வேண்டும் என்கிறதா? இரண்டாவதாக இருந்தால் கணக்குப் போடு. ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் என்றால் 3.7, இது 3 கிரெடிட் பாடம், இந்தப் பருவத்தோடு நீ முடித்திருப்பது 75 கிரெடிட். 0.3 × 3 / 75, அதாவது 0.012. இந்த ஒரு எழுத்தால் உன் ஒட்டுமொத்த சராசரி நகர்வது அவ்வளவுதான். உன் சராசரி அவர்கள் கேட்பதை விட இரண்டாவது தசம இடத்தில் இரண்டு புள்ளி மேலே இருந்தாலே பிரச்சினை இல்லை. குறிப்பாக இந்தப் பாடத்தில் ஏ வேண்டும் என்றிருந்தால் உடனே அவர்களுக்கு எழுதி, விதிவிலக்குக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறதா என்று கேள். அவர்கள் கேட்டால் நான் கடிதம் தருகிறேன். மொத்தம் 79.4, ஏ-வின் கோடு 79.5 என்பதை அப்படியே எழுதுவேன். ஆறாவது கேள்வியில் எச்சங்களின் வரைபடம் வளைந்திருப்பதைக் கவனித்து, இந்தத் தரவுக்கு நேர்கோடு பொருந்தாது என்று கேட்காமலேயே நீ எழுதியிருந்தாயே, அதையும் எழுதுவேன். கேள்வி கோட்டின் சமன்பாட்டை மட்டும்தான் கேட்டது. சமன்பாட்டோடு நிறுத்தாமல் வரைபடத்தையும் பார்த்தாய், அது 10-க்கு 10 வாங்கிய விடை. ஒரு கிரேடு எழுத்தில் இதெல்லாம் தெரியாது.

வியாழன் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை அறையில் இருப்பேன். வா, விடைத்தாளை எடுத்து வைக்கிறேன், எட்டாவது கேள்வியை உட்கார்ந்து படித்துவிட்டு விண்ணப்பத்தை எழுது. வரும்போது ஸ்காலர்ஷிப் கடிதத்தையும் கொண்டு வா, நிபந்தனை என்ன சொல்கிறது என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.